ரூம் வாடகை மட்டும்தான் வித்தியாசம்னு நினைச்சு போட்ட டெலிவரி கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் பல வருஷம் பிரைவேட் ஆஸ்பத்திரி ஒண்ணுல இன்சூரன்ஸ் டெஸ்க்ல வேலை பாத்தவ. அந்த வேலைய விட்டதுக்கு அப்புறமும் தெரிஞ்சவங்க டெலிவரிக்கு முன்னாடி எஸ்டிமேட் பேப்பரை எடுத்துட்டு வந்து காட்டுவாங்க. அப்படி வந்த ஒரு தம்பதியோட கேஸ் இது. அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன், ஆளையோ ஆஸ்பத்திரியையோ அடையாளம் தெரியுற எதுவும் இதுல இல்ல.

தொகைய காசுல சொல்லாம பங்குல சொல்றேன், ஏன்னா ரேட் இடத்துக்கு இடம் மாறும் ஆனா கணக்கு போடுற முறை மாறாது. அந்த ஆஸ்பத்திரில ரெண்டு பேர் தங்குற ஷேரிங் ரூம்ல நார்மல் டெலிவரிக்கு ஆகுற மொத்த பில்லை 100னு வச்சுக்குங்க. மத்த எல்லா நம்பரும் அதை ஒட்டித்தான்.

## பின்னணி

முதல் குழந்தை, ஏழாவது மாசம் முடியுற நேரம். கணவரோட கம்பெனி கொடுத்த குரூப் பாலிசில மகப்பேறு கவர் இருந்துச்சு, வெயிட்டிங் பீரியட் கிடையாது. நார்மலுக்கு 120 வரைக்கும், சிசேரியனுக்கு 150 வரைக்கும் லிமிட். நம்ம பக்கத்துல இருந்து 10 சதவீதம் கோபே. ரூம் வாடகைக்கு ஒரு நாளைக்கு 6 வரைக்கும்தான் எலிஜிபிலிட்டி.

ஆஸ்பத்திரில ஷேரிங் ரூம் ஒரு நாளைக்கு 5, சிங்கிள் ரூம் 10. அந்தப் பொண்ணுக்கு சிங்கிள் ரூம்தான் வேணும்னு ஆசை. புதுசா பால் கொடுக்கணும், ராத்திரி குழந்தை அழும், பக்கத்து பெட்ல வேற குடும்பம் இருந்தா கூச்சமா இருக்கும்னு சொன்னாங்க. நியாயமான காரணம்தான், அதை நான் ஆடம்பரம்னு நினைக்கல.

## அவங்க போட்டுட்டு வந்த கணக்கு

ரொம்ப எளிமையா போட்டிருந்தாங்க. பில் 100, அதுல கோபே 10. சிங்கிள் ரூம் 10ல இன்சூரன்ஸ் 6 தரும், மீதி 4 நம்ம கை காசு, ரெண்டு ராத்திரிக்கு 8. ஆக 18, சில்லறை செலவு சேத்து ஒரு 25 எடுத்து வச்சா போதும்னு முடிவு பண்ணி மீதிய குழந்தைக்கான செலவுக்கு ஒதுக்கிட்டாங்க.

டெஸ்க்ல இருக்கும்போது இதே கணக்கை எத்தனையோ பேர் போட்டு பாத்திருக்கேன். பாக்க சரியாத்தான் தெரியும், ஆனா அதுல ரெண்டு விஷயம் விட்டுப்போகுது, ரெண்டுமே ரூம்ல இருந்து வர்றது.

## ரூம் மாறினா எதெல்லாம் மாறுது

முதல் விஷயம், பல பிரைவேட் ஆஸ்பத்திரில ரூம் வகைதான் மத்த ரேட்டுக்கும் அடிப்படை. டாக்டர் ஃபீஸ், லேபர் ரூம் சார்ஜ், நர்சிங் சார்ஜ், தியேட்டர் சார்ஜ், அனஸ்தீஷியா டாக்டர் ஃபீஸ் எல்லாமே நீங்க எந்த ரூம்ல அட்மிட் ஆகுறீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி ஏறும். அதே டாக்டர், அதே லேபர் ரூம், அதே கட்டில், ஆனா ரேட் வேற. மருந்து, பஞ்சு, ஊசி மாதிரி ஐட்டம் மட்டும் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே விலை.

நான் அவங்கள ஆஸ்பத்திரிக்கு திருப்பி அனுப்பி, ரூம் வாரியா, டெலிவரி வகை வாரியா தனித்தனி எஸ்டிமேட் எழுத்துல வாங்கிட்டு வரச்சொன்னேன், மொத்தமா ஒரு நம்பர் வேண்டாம், தலைப்பு தலைப்பா பிரிச்சு வேணும்னு கேக்கச்சொன்னேன். பிரிக்காம கொடுக்குற எஸ்டிமேட்டை வச்சு இன்சூரன்ஸ் கணக்கு போடவே முடியாது.

ஷேரிங் ரூம் நார்மல் இப்படி இருந்துச்சு: ரூம் 10, டாக்டர் லேபர் ரூம் நர்சிங் எல்லாம் சேத்து 55, மருந்து 25, டெஸ்ட் 5, இன்சூரன்ஸ் எப்பவும் தராத ஐட்டம் (ரெஜிஸ்ட்ரேஷன், ஃபைல் சார்ஜ், டயப்பர் மாதிரி) 5. மொத்தம் 100. சிங்கிள் ரூம் நார்மல்: ரூம் 20, டாக்டர் வகையறா 75, மருந்தும் டெஸ்ட்டும் அதே 30, தராத ஐட்டம் அதே 5, மொத்தம் 130. ரூம் வாடகைல 10தான் கூடுச்சு, டாக்டர் வகையறால 20 கூடியிருக்கு. அவங்க கணக்குல இந்த 20 இல்லவே இல்ல.

ரெண்டாவது விஷயம்தான் பெருசு. பல பாலிசில ஒரு கண்டிஷன் இருக்கும், எலிஜிபிலிட்டிய தாண்டின ரூம் எடுத்தா வாடகைல மட்டும் வெட்ட மாட்டாங்க, ரூமை ஒட்டி மாறுற எல்லா சார்ஜையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க. இவங்க எலிஜிபிலிட்டி 6, எடுக்கப்போற ரூம் 10. பத்துல ஆறு, அதாவது 60 சதவீதம். அப்போ 75ல இன்சூரன்ஸ் ஒத்துக்கறது 45தான். மருந்து, டெஸ்ட்ல இந்த வெட்டு அவங்க பாலிசில இல்ல, அதை வாசகத்தைப் படிச்சு உறுதி பண்ணிக்கிட்டோம்.

இப்போ கூட்டிப் பாருங்க. ரூமுக்கு 12, டாக்டர் வகையறாக்கு 45, மருந்தும் டெஸ்ட்டும் 30, மொத்தம் 87 ஒத்துக்குவாங்க. அதுல 10 சதவீதம் கோபே போக இன்சூரன்ஸ் கட்டறது 78.3. பில் 130, கை காசு 51.7.

அதே ஷேரிங் ரூம்ல ஒத்துக்கற தொகை 95, கோபே போக 85.5, கை காசு 14.5 மட்டும்.

இதை பேப்பர்ல எழுதி காட்டினதும் அந்தக் கணவர் ரொம்ப நேரம் பாத்துட்டு, “அக்கா, ரூம் பெருசா எடுத்தா இன்சூரன்ஸ் கொடுக்கற காசே குறையுதா?”ன்னு கேட்டார். ஆமா, 85.5ல இருந்து 78.3க்கு இறங்குது. பில் ஏறுது, இன்சூரன்ஸ் தர்றது இறங்குது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது முழுக்க நம்ம தலைல.

## சிசேரியன் ஆனா என்ன

மகப்பேறு டாக்டர் எல்லாம் நல்லா இருக்கு, நார்மல்தான்னு சொல்லியிருந்தாங்க, ஆனா வலி வந்தபிறகு பாதி வழில சிசேரியனுக்கு மாறுறது சாதாரணமா நடக்கறது, அதனால எஸ்டிமேட்டை நார்மலுக்கு மட்டும் போட்டு நிறுத்தக்கூடாது. நான் எப்பவும் சிசேரியன் கணக்கைத்தான் அடிப்படையா எடுத்து காசு ஒதுக்கச்சொல்வேன், நார்மல் ஆச்சுன்னா மிச்சம்.

நாலு ராத்திரி தங்கல்னு வச்சு எஸ்டிமேட். ஷேரிங்ல ரூம் 20, டாக்டர் தியேட்டர் வகையறா 88, மருந்து 40, டெஸ்ட் 8, தராத ஐட்டம் 8, மொத்தம் 164. ஒத்துக்கறது 156, கோபே போக 140.4, லிமிட் 150க்குள்ள வருது. கை காசு 23.6. சிங்கிள்ல மொத்தம் 216, அதே மாதிரி வெட்டிப் பாத்தா இன்சூரன்ஸ் 129.6, கை காசு 86.4.

அதாவது நார்மலா சிசேரியனாங்கறது அவங்க கை காசுல பண்ற வித்தியாசத்தை விட ஷேரிங்கா சிங்கிளாங்கறது பண்ற வித்தியாசம் பெருசு. ஷேரிங்ல சிசேரியன் ஆனாலும் 23.6, சிங்கிள்ல நார்மல் ஆனாலே 51.7. டெலிவரி எப்படி ஆகும்னு யாரும் கைல வச்சு சொல்ல முடியாது, ஆனா எந்த ரூம்னு நம்மளே சொல்லலாம்.

## எடுத்த முடிவும் காரணமும்

மூணு வழி பேசினோம். சிங்கிள் ரூமே எடுத்து 90 கிட்ட ஒதுக்கறது, ஷேரிங் எடுத்து மிச்சம் வைக்கறது, இல்லேன்னா ஷேரிங்ல அட்மிட் ஆகி டெலிவரி முடிஞ்சு கடைசி நாட்கள்ல மட்டும் சிங்கிளுக்கு மாறுறது. மூணாவது கேக்க புத்திசாலித்தனமா இருக்கும், ஆனா சில ஆஸ்பத்திரில நடுவுல ரூம் மாறினா மொத்த பில்லையும் உயர்ந்த ரூம் ரேட்டுக்கு மாத்திடுவாங்க, இந்த ஆஸ்பத்திரியும் அந்த ரகம்தான். பில்லிங்ல கேட்டப்போ வாயால “பாத்துக்கலாம் சார்”னாங்க, எழுத்துல கொடுக்க மறுத்துட்டாங்க. அதனால அதை விட்டுட்டோம்.

ஷேரிங்னு முடிவாச்சு. அந்தப் பொண்ணு தயக்கத்தோடதான் ஒத்துக்கிட்டாங்க, நடுவுல திரை இருக்கான்னு போய் ரூமைப் பாத்துட்டு வந்தபிறகு சரின்னாங்க. ஒதுக்கினது 45. சிசேரியன் கை காசு 24, குழந்தைக்கு ஏதாவது வந்தா ஒரு 20ன்னு கணக்கு. குழந்தைய தீவிர சிகிச்சைல வைக்க வேண்டி வந்தா இந்த 45 எந்த மூலைக்கும் பத்தாது, அது வேற கணக்கு, அதுக்கு அவசரத்துக்கு எங்க வாங்கறதுன்னு மட்டும் பேசி வச்சுக்கிட்டாங்க.

வலிக்கு முதுகுல போடற எபிடியூரல் பேக்கேஜ்ல இல்லங்கறதும் அப்போதான் தெரிஞ்சுது. வேண்டாம்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க, அதனால கணக்குல சேக்கல.

## அட்மிஷன் அன்னிக்கு நடந்தது

ராத்திரி லேட்டா வலி வந்து போனாங்க, ஷேரிங் ரூம் ஒண்ணு கூட காலி இல்ல. இப்போதைக்கு சிங்கிள்ல போடறோம், காலைல மாத்திக்கலாம்னு டெஸ்க்ல சொன்னாங்க. இங்கதான் பலர் மாட்டுவாங்க, ஏன்னா அந்த நேரத்துல யாருக்கும் வாதாட மனசு வராது.

இதுக்கு முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தேன். அவர் அட்மிஷன் டெஸ்க்ல ஒரு பேப்பர் எழுதி வாங்கினார், ஷேரிங் ரூம் காலி இல்லாததால ஆஸ்பத்திரி வசதிக்காக சிங்கிள் ரூம் கொடுக்கப்பட்டது, பில் ஷேரிங் ரேட்லதான் போடப்படும்னு, டூட்டி மேனேஜர் கையெழுத்தோட தேதி நேரம் போட்டு. முதல்ல தயங்கினாங்களாம், இவர் அமைதியா நின்னு கேட்டதும் கொடுத்துட்டாங்க. அதை போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பினார்.

வலி முன்னேறல, குழந்தையோட இதயத்துடிப்பு இறங்க ஆரம்பிச்சதும் விடியக்காலைல சிசேரியன் பண்ணிட்டாங்க. அம்மாவும் குழந்தையும் நல்லா இருந்தாங்க. மதியம் ஷேரிங் ரூமுக்கு மாத்தினாங்க.

கேஷ்லெஸ் அப்ரூவல் முதல்ல நார்மலுக்குத்தான் வாங்கியிருந்தாங்க, சிசேரியன் ஆனதும் அதை உயர்த்தி கேக்கணும். இதை ஆஸ்பத்திரி டெஸ்க் தானா செய்யும்னாலும் அன்னிக்கே செஞ்சாங்களான்னு கேட்டுக்கறது நல்லது, டிஸ்சார்ஜ் அன்னிக்கு வரைக்கும் விட்டா அப்ரூவல் வர சாயங்காலம் ஆகி, இன்னொரு நாள் வாடகையும் ஏறிடும்.

## நடுவுல பாத்த பில்

மூணாவது நாள் இடைக்கால பில் கேட்டு வாங்கச்சொன்னேன். கேக்காம தர மாட்டாங்க, கேட்டா தருவாங்க. அதுல முதல் ராத்திரி சிங்கிள் ரூம் 10ன்னு ஏறியிருந்துச்சு. வித்தியாசம் என்னவோ 5தான், போகட்டும்னு அவருக்கே தோணியிருக்கு.

ஆனா அவங்க பாலிசி வாசகத்துல விகித வெட்டு அந்த ஒரு நாளைக்கு மட்டும்னு எங்கயும் இல்ல, மொத்த அட்மிஷனுக்கும்னு படிக்க இடம் இருந்துச்சு. அப்படி அந்த ஒரு வரியோட பில் இன்சூரன்ஸ்க்கு போயிருந்தா டாக்டர் தியேட்டர் வகையறா முழுக்க 60 சதவீதத்துக்கு இறங்கி, கடைசி கை காசு சுமார் 23 கூடியிருக்கும். அஞ்சு பங்கு தப்புக்கு இருபத்திமூணு பங்கு விலை. கையெழுத்து பேப்பரைக் காட்டினதும் பில்லிங்ல ஷேரிங் ரேட்டுக்கு மாத்திக் கொடுத்தாங்க. ஃபைனல் பில் இன்சூரன்ஸ்க்கு போறதுக்கு முன்னாடி இதை செஞ்சாதான் உண்டு, போனபிறகு திருத்தின பில்லை வச்சு மறுபடி பேசறது பெரிய அலைச்சல்.

## குழந்தையோட பில்

மூணாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை அளவு ஏறி, ரெண்டு நாள் நீல வெளிச்சத்துல வச்சாங்க. பிறந்த குழந்தைக்கு இது ரொம்ப சாதாரணம், பயப்பட ஒண்ணும் இருக்கல. ஆனா அதனால அம்மாவும் ஒரு ராத்திரி கூடுதலா தங்க வேண்டி வந்துச்சு, அதுக்கு ரூம் 5, டாக்டர் நர்சிங் 4. குழந்தை பேர்ல தனி பில் 18.

கடைசி கணக்கு: அம்மா பில் 173, குழந்தை பில் 18, மொத்தம் 191. தராத ஐட்டம் அம்மாவோடது 8, குழந்தையோடது 1, போக 182. கோபே போக 163.8 வரணும், ஆனா அந்த பாலிசில குழந்தை செலவும் அதே மகப்பேறு லிமிட்டுக்குள்ளதான் அடக்கம், லிமிட் 150. இன்சூரன்ஸ் கட்டினது 150, கை காசு 41. ஒதுக்கின 45க்குள்ள முடிஞ்சுது.

இதே கேஸ் சிங்கிள் ரூம்ல நடந்திருந்தா எவ்வளவுன்னு பின்னாடி போட்டுப் பாத்தேன். மொத்த பில் 250, வெட்டெல்லாம் போயும் லிமிட்டைத் தொட்டுடும், இன்சூரன்ஸ் அதே 150, கை காசு 100. அவங்க முதல்ல ஒதுக்கியிருந்தது 25.

## இனி வேற மாதிரி செய்யறது

குழந்தை செலவு எந்த லிமிட்ல போகுதுன்னு முன்னாடியே தனியா கேப்பேன். இந்த கேஸ்ல 20 ஒதுக்கினதால சமாளிச்சுது, ஆனா அது அனுமானம்தான். சில பாலிசில பிறந்த முதல் நாள்ல இருந்தே குழந்தை முழு குடும்ப கவர்ல சேந்துடும், மகப்பேறு லிமிட்டைத் தொடாது, சிலதுல குறிப்பிட்ட நாள் கழிச்சுதான் சேக்கவே முடியும், இவங்களோடது ரெண்டுமில்லாத ரகம். அது முன்னாடியே தெரிஞ்சிருந்தா 150ல சிசேரியன் கணக்கே 140 சாப்பிடுது, குழந்தைக்கு மிச்சம் 10க்குள்ளதான்னு அப்பவே சொல்லியிருக்கலாம். லிமிட்ல எவ்வளவு இடம் மீதி இருக்குங்கறதையும் எஸ்டிமேட் பேப்பர்ல ஒரு வரியா எழுதணும்.

கோபே கழிச்சுட்டு லிமிட் பாக்கறாங்களா, லிமிட் பாத்துட்டு கோபே கழிக்கறாங்களாங்கறதும் கேக்கணும். இவங்களுக்கு முதல் முறை. ரெண்டாவது முறையா இருந்தா 150ல இருந்து 15 கழிச்சு 135தான் வந்திருக்கும், கை காசு 56.

விகித வெட்டு எல்லா பாலிசிலயும் இல்ல, ரூம் லிமிட்டே இல்லாத பாலிசியும் இருக்கு. அந்த மாதிரி பாலிசி வச்சிருக்கவங்க சிங்கிள் எடுத்தா ரேட் ஏர்றதை மட்டும் லிமிட்டோட ஒப்பிட்டுப் பாத்தா போதும், இந்த 60 சதவீத கணக்கு அவங்களுக்கு வராது. தவிர எல்லா ஆஸ்பத்திரியும் ரூமுக்கு ஏத்த மாதிரி டாக்டர் ஃபீஸை ஏத்தறதில்ல, ஒரே ரேட் வைக்கற இடத்துல பல பாலிசில விகித வெட்டும் விழாது, அதையும் கேட்டுட்டே ரூமை முடிவு பண்ணணும்.

அட்மிஷன்ல கட்டின அட்வான்ஸ்ல கை காசு போக மீதி டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் அக்கவுண்டுக்கு திரும்பி வந்துச்சு, அதுவும் இன்சூரன்ஸ் ஃபைனல் அப்ரூவல் லெட்டர் காப்பிய காட்டின பிறகு. குழந்தையோட முதல் தடுப்பூசி பில் தனியா இருக்கு, அது இவங்க கவர்ல இல்ல.